பாடத்தைப் பதுக்கலாமா?

பஞ்ச காலத்தில் அரிசியைப் பதுக்கிய வியாபாரிகளை ஊர் மன்னித்ததில்லை. கடையில் "அரிசி இல்லை" என்று கையை விரிப்பார்கள். இரவு கொல்லைப்புறமாகப் போனால் அதே அரிசி கிடைக்கும், விலைதான் வேறு. அந்த மனிதர்களுக்கு நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: பதுக்கல்காரர்கள்.

அரிசியைப் பதுக்கினால் குற்றம் என்கிறோம். பாடத்தைப் பதுக்கினால்?

"பாடத்தை எப்படி ஐயா பதுக்க முடியும்? அது என்ன மூட்டையா?" என்று நீங்கள் கேட்கலாம். முடியும். பகலில் வகுப்பில் கையை விரித்துவிட்டு, மாலையில் வீட்டுத் திண்ணையில் காசு வாங்கிக்கொண்டு அதே பாடத்தை அளந்து போட முடியும். எப்படி என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்லுகிறேன். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆகையால் இந்தச் சங்கதியின் உள்ளும் புறமும் எனக்குத் தெரியும்.

தையல்காரர் வந்தார்

எங்கள் தெருமுனையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம், தமிழ் வழி. ஒரு நாள் மாலை அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு யோசனை கேட்கணும். பாப்பாவுக்குக் கணக்கு வரலை. பரீட்சையில 29 மார்க். அவங்க வகுப்பு வாத்தியாரே சாயங்காலம் டியூஷன் நடத்துறாராம். மாசம் 600 ரூபாய். சேர்த்துவிடட்டுமா?"

"ஏன் தயங்குகிறீர்கள்?"

"நாலு ரவிக்கை தைச்சாத்தான் சார் 600 ரூபாய். ஜூன்லேருந்து மார்ச் வரைக்கும் பத்து மாசம். 6,000 ஆகுது. நாளைக்கு அறிவியலுக்கும் வேணும்பா. அப்போ 12,000. அதுகூடப் பரவாயில்லை சார். பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றவரும் அவர்தான், டியூஷன்ல சொல்லித் தர்றவரும் அவர்தான். அங்க வராத கணக்கு இங்க மட்டும் எப்படி வரும்? அதுதான் எனக்குப் புரியலை."

எழுதப் படிக்கச் சிரமப்படும் மனிதர் அவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி இருக்கிறதே, அது கல்வி அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்வி!

"பெண்ணின் கணக்கு நோட்டை எடுத்து வாருங்கள். அதே வகுப்பில் டியூஷனுக்குப் போகிற பிள்ளை யாராவது இருந்தால், அந்த நோட்டையும் வாங்கி வாருங்கள்" என்றேன்.

மறுநாள் மூன்று நோட்டுகள் வந்தன. ஒன்று அவர் மகளுடையது. மற்ற இரண்டும் பக்கத்து மளிகைக்கடைக்காரர் மகனுடையவை. அவனும் அதே வகுப்பு. ஆனால் டியூஷன் மாணவன். வகுப்புக்கு ஒரு நோட்டு, டியூஷனுக்கு ஒரு நோட்டு.

மூன்று நோட்டுகள் சொன்ன கதை

2019-ஆம் ஆண்டு வந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டுப் பாடங்கள். பரீட்சை 100 மார்க்குக்கு. தேற 35 வேண்டும். அந்தப் புத்தகத்துக்கான கேள்வித்தாளின் கடைசிப் பகுதியில் எட்டு மார்க் கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, காம்பஸும் ஸ்கேலும் வைத்து உருவம் வரைவது. மற்றது, கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடுவது. இரண்டும் சேர்ந்தால் 16.

தேற வேண்டியது 35. அதில் 16 என்பது ஏறத்தாழப் பாதி. கணக்கைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு இந்த 16 மார்க்குதான் படகு. மற்றக் கணக்குகளில் எது வரும், எது வராது என்று சொல்ல முடியாது. இவை இரண்டும் பழகினால் கட்டாயம் வரும். ஆனால் ஒன்று: புத்தகத்தை வாசித்து இவற்றைக் கற்றுக்கொள்வது கடினம். வாத்தியார் கரும்பலகையில் ஒவ்வொரு கோடாகப் போட, பிள்ளை பார்க்க வேண்டும். பிறகு பிள்ளை போட, வாத்தியார் பார்க்க வேண்டும். நீச்சல் மாதிரி.

நான் நோட்டுகளில் அந்தப் பகுதியைத்தான் முதலில் புரட்டினேன்.

ஒரு முக்கோணம் இருக்கிறது. அதே சாயலில், ஆனால் சிறியதாக, இன்னொரு முக்கோணம் வரைய வேண்டும். பக்கங்கள் 3/5 பங்கு இருக்க வேண்டும். இதற்கு வழி இது: அடிக்கோட்டின் இடது முனையிலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு இழுக்க வேண்டும். அதில் காம்பஸால் சம தூரத்தில் ஐந்து புள்ளிகள் வைக்க வேண்டும். ஐந்தாவது புள்ளியை அடிக்கோட்டின் வலது முனையோடு சேர்க்க வேண்டும். பிறகு மூன்றாவது புள்ளியிலிருந்து அதற்கு இணையாக ஒரு கோடு. அது அடிக்கோட்டை எங்கே தொடுகிறதோ, அதுதான் சிறிய முக்கோணத்தின் மூலை. அந்த மூலையிலிருந்து பெரிய முக்கோணத்தின் வலது பக்கத்துக்கு இணையாக இன்னொரு கோடு போட்டால் வேலை முடிந்தது.

இந்தக் கணக்கு தையல்காரர் மகளின் நோட்டில் ஒன்று இருந்தது. முடிந்த படம் மட்டும். வழிமுறை எழுத வேண்டிய இடத்தில், "புத்தகம் பார்க்கவும்" என்று ஒரு வரி.

அடுத்த பக்கத்தில் 7/4 என்ற கணக்கு. அதாவது சிறிதாக்குவதற்குப் பதில் பெரிதாக்க வேண்டும். தலைப்பு இருந்தது. கீழே, "வீட்டில் செய்க." மீதிப் பக்கம் வெள்ளை.

மளிகைக்கடைக்காரர் மகனின் வகுப்பு நோட்டை எடுத்தேன். அதிலும் அதே தலைப்பு, அதே வெள்ளைப் பக்கம். பிறகு அவனுடைய டியூஷன் நோட்டைத் திறந்தேன். அதே தேதி. அங்கே 7/4 கணக்கு முழுசாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் நம்பர் போட்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், வாத்தியாரின் கையெழுத்தில், ஒரு குறிப்பு: "ஏழாவது புள்ளியை முனையோடு சேர்க்காதே. நாலாவது புள்ளியைச் சேர். ஏழாவதிலிருந்து இணைகோடு."

வாசகர்களே, இந்தச் சிவப்பு மைக் குறிப்புதான் பாடம்! கணக்கின் உயிர் அதில் இருக்கிறது. பின்னத்தில் கீழே இருக்கும் எண் எதுவோ, அந்தப் புள்ளியைத்தான் முனையோடு சேர்க்க வேண்டும். மேலே இருக்கும் எண்ணின் புள்ளியிலிருந்து இணைகோடு போட வேண்டும். 3/5-இல் கடைசிப் புள்ளியும் கீழ் எண்ணும் ஒன்றாக இருந்துவிட்டன. அதை மட்டும் பார்த்த குழந்தை என்ன நினைக்கும்? "கடைசிப் புள்ளியைச் சேர்க்க வேண்டும் போலிருக்கிறது" என்று நினைக்கும். 7/4 வந்தால் ஏழாவது புள்ளியைச் சேர்க்கும். பெரிய முக்கோணத்துக்குப் பதில், 4/7 பங்கில் ஒரு சிறிய முக்கோணம் வந்து நிற்கும்.

அந்தப் பெண்ணின் பரீட்சைத் தாளைப் பார்த்தேன். அச்சாக அதேதான் நடந்திருந்தது. ஏழாவது புள்ளியைச் சேர்த்திருந்தாள். சிறிய முக்கோணம். பக்கத்தில் சிவப்பு மையில் வாத்தியார் எழுதியிருந்தார்: "கவனக்குறைவு."

கவனக்குறைவாம்! சொல்லித் தராத பாடத்தில் குழந்தைக்கு எங்கிருந்து கவனம் வரும்?

"உனக்கு எப்படியம்மா கணக்கு?" என்று அவளைக் கேட்டேன்.

"எனக்குக் கணக்கு வராது சார். எனக்கு மூளை இல்லை" என்றாள், தரையைப் பார்த்தபடி.

600 ரூபாய் போனால் நாலு ரவிக்கையில் சம்பாதித்துவிடலாம். "எனக்கு மூளை இல்லை" என்று பதினைந்து வயதில் ஒரு பெண் நம்பிவிட்டால், அதை எத்தனை ரவிக்கை தைத்து மீட்பது?

வாத்தியாரின் பக்கத்து நியாயம்

ஒரு கை மட்டும் தட்டினால் ஓசை வராது. ஆகையால் அந்த வாத்தியாரையும் போய்ப் பார்த்தேன். சண்டை போடப் போகவில்லை. அவரும் என் தொழில்காரர். முப்பது வயசு இருக்கும். மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். நோட்டுகளை மேஜைமேல் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை.

பிறகு சொன்னார்:

"ஒளிக்கணும்னு நினைச்சு ஒளிக்கலை சார். நான் அரசாங்கச் சம்பளக்காரன் இல்லை. நிர்வாகம் போட்ட ஆள். 14,000 ரூபாய் தர்றாங்க. மே மாசம் அதுவும் கிடையாது. பக்கத்து அறையில இதே கணக்கை எடுக்கிறவருக்கு அரசாங்கச் சம்பளம். என்னுடையதைப் போலப் பல மடங்கு. வீட்டு வாடகையே எனக்கு 5,000. டியூஷன் இல்லேன்னா சாப்பாடு இல்லை."

"வகுப்பில் எத்தனை பேர்?"

"48 பேர். அதில் 31 பேர் சாயங்காலம் வர்றாங்க."

கணக்கு வாத்தியார்கள் இருவர் உட்கார்ந்திருக்கும்போது பெருக்கல் தானாக நடக்கும். 31 பேர், ஆளுக்கு 600. மாதம் 18,600 ரூபாய். பள்ளிக்கூடச் சம்பளத்தைவிட அதிகம்.

"முதல் வருஷம் இப்படி இல்லை சார்" என்று அவரே தொடர்ந்தார். "அப்போ ஏழு பேர்தான் வந்தாங்க. வகுப்பில முழுசா நடத்துவேன். அப்புறம் பத்து, இருபதுன்னு ஆச்சு. நாற்பது நிமிஷ வகுப்பு. ஒரு கணக்கு பாதியில நிற்கும்போது மணி அடிச்சிடும். சரி, பாதிப் பேர் சாயங்காலம் வரத்தானே போறாங்க, அங்க பார்த்துக்கலாம்னு விடுவேன். இப்போ மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அப்படித் தோணுது."

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் மறுபடியும் ஒரு தரம் படிக்க வேண்டுகிறேன். பதுக்கல் எப்படித் தொடங்குகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான வாக்குமூலம் கிடையாது. எந்த வாத்தியாரும் காலையில் எழுந்து, "இன்றைக்கு இந்தக் குழந்தைகளை ஏமாற்றுவேன்" என்று சங்கற்பம் செய்துகொண்டு பள்ளிக்கூடம் போவதில்லை. மாலையில் ஒரு வகுப்பு இருக்கிறது என்ற நினைப்பே போதும். பகல் வகுப்பு தானாக இளைத்துவிடும். பகல் இளைக்க இளைக்க மாலை பெருக்கும். மாலை பெருக்கப் பெருக்கப் பகல் இன்னும் இளைக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அந்தப் பாதையில் நடந்தவன்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்

1980-களில் என் வகுப்பில் நாற்பது பையன்கள். பதினான்கு பேர் என் வீட்டுக்கு டியூஷன் வந்தார்கள். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து சந்தேகம் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் என் மனம் ஒரு வேலை செய்தது. "இவன் நம் டியூஷன் பையனா?" என்று பார்த்தது. இல்லை என்று தெரிந்ததும், "அப்புறம் பார்க்கலாம், உட்கார்" என்றேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு குழந்தையின் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், அவன் பணம் கட்டியவனா என்று பார்க்கும் மனிதன் வாத்தியார் அல்ல, டிக்கெட் கிழிப்பவன். அந்த மாதத்தோடு என் வகுப்புப் பிள்ளைகளிடம் காசு வாங்குவதை நிறுத்தினேன். வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வருமானம் பாதிக்குமேல் குறைந்தது. வீட்டில் கஷ்டம்தான். ஆனால் மறுநாள் முதல் யார் எழுந்து கேள்வி கேட்டாலும், எனக்கு அவன் முகம் மட்டும்தான் தெரிந்தது.

ஆகையால் நான் டியூஷனுக்கு எதிரி அல்ல. தாய் தகப்பன் படிக்காத வீட்டில், மாலையில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் நல்லதுதான். ஏழை வாத்தியார் உழைத்து நாலு காசு கூடச் சம்பாதித்தால் அதுவும் தவறில்லை. தவறு ஒன்றே ஒன்றுதான். பகலில் எந்தப் பிள்ளைக்குக் கடமைப்பட்டிருக்கிறாரோ, அதே பிள்ளையிடம் மாலையில் காசு வாங்குவது. நோயைக் குணமாக்க வேண்டியவரே மருந்துக்கடையும் வைத்திருந்தால், நோய் சீக்கிரம் குணமாவதில் அவருக்கு என்ன லாபம்?

சட்டம் என்ன சொல்லுகிறது?

2009-ஆம் ஆண்டு பாராளுமன்றம் நிறைவேற்றிய இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 28-ஆம் பிரிவு ஒரே வாக்கியம்: எந்த ஆசிரியரும் தனியாக டியூஷன் நடத்தக் கூடாது. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, முழுப் பாடத்தையும் உரிய காலத்துக்குள் முடிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித் தருவதும் கடமை என்கிறது. கவனியுங்கள்: கூடுதலாகச் சொல்லித் தருவது வியாபாரம் அல்ல, கடமை!

ஆனால் இந்தச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கானது. எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். டியூஷன் கொடிகட்டிப் பறப்பதோ பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும். அரசு ஆசிரியர்களுக்கு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உண்டு. அனுமதியின்றி வேறு தொழில் செய்யக் கூடாது என்பது விதி. அரசாங்கத்தில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்பவருக்கு என்னிடம் இரக்கமில்லை. ஆனால் 14,000 ரூபாய் வாத்தியாரை விதியால் மட்டும் திருத்திவிட முடியுமா? பசி விதியைப் படிப்பதில்லை.

பக்கத்து நாடான வங்காள தேசத்தில் 2012-இல் ஒரு கொள்கை கொண்டுவந்தார்கள். டியூஷனை அடியோடு ஒழிக்க முயலவில்லை. ஓர் ஆசிரியர் தம் சொந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு டியூஷன் எடுக்கக் கூடாது. தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எடுக்கலாம். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது. எழுதிவிட்டால் மட்டும் எல்லோரும் கேட்டுவிடுவார்களா? மாட்டார்கள். ஆனாலும் கோடு போட்ட இடம் சரியான இடம். உழைப்பைத் தடுக்கவில்லை, பகலையும் மாலையையும் ஒரே கையில் கொடுப்பதைத்தான் தடுத்தது.

பெற்றோர் எப்படிக் கண்டுபிடிப்பது?

"எங்களுக்குக் கணக்குத் தெரியாதே, பதுக்கலை எப்படிக் கண்டுபிடிப்போம்?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கணக்குத் தெரிய வேண்டியதில்லை. கண் தெரிந்தால் போதும்.

டியூஷனுக்குப் போகும் பிள்ளையின் டியூஷன் நோட்டையும், உங்கள் பிள்ளையின் வகுப்பு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே மாதத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். இரண்டும் வெறுமையாக இருந்தால், அது பதுக்கல் அல்ல, பற்றாக்குறை. வாத்தியார் இடம் காலியாக இருந்திருக்கும். அல்லது தேர்தல் வேலைக்கு அவரை அனுப்பியிருப்பார்கள். அல்லது அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். அவசரப்பட்டு அவரைத் திட்டாதீர்கள். வகுப்பு நோட்டு வெள்ளையாகவும் டியூஷன் நோட்டு நிறைந்தும் இருந்தால், அதற்குப் பெயர் பதுக்கல்.

இரண்டாவது, பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளை எடுத்து, பரீட்சைக்கு முந்தின வாரத்து டியூஷன் நோட்டோடு ஒப்பிடுங்கள். அதே கணக்குகள், எண்கள் மட்டும் மாறியோ மாறாமலோ இருந்தால், கேள்வித்தாள் மாலை வகுப்பில் முன்கூட்டியே விலைபோயிருக்கிறது. இதற்கும் கணக்குத் தெரிய வேண்டாம். படம் ஒன்றா, எண் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? ஒற்றை ஆளாகப் போய்ச் சத்தம் போடாதீர்கள். நாளைக்கு அதே வகுப்பில்தான் உங்கள் குழந்தை உட்கார வேண்டும். நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் போங்கள். "வாத்தியார் திருடர்" என்று சொல்லாதீர்கள். ஒரு சிறு தாளில் பாடத்தின் பெயரையும் கணக்கின் நம்பரையும் எழுதிக்கொண்டு போய், "ஐயா, இந்தக் கணக்கு வகுப்பில் எந்தத் தேதியில் நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஆசிரியரின் பாடக் குறிப்பேடு பள்ளிக்கூடத்தில் இருக்கும். அதில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியில் உங்கள் பிள்ளையின் நோட்டும், அடுத்த பிள்ளையின் நோட்டும் வெள்ளையாக இருந்தால், பிறகு நீங்கள் பேச வேண்டியதே இல்லை. நோட்டுகள் பேசும்.

அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சுண்டலும் காபியும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவதற்காக அந்தக் குழு ஏற்படவில்லை. பாடம் நடந்ததா என்று கேட்க அது நல்ல இடம்.

கடைசியில் என்ன நடந்தது?

தையல்காரர் மகளின் கதைக்கு வருகிறேன். அடுத்த திங்கட்கிழமை அந்த வாத்தியார் வகுப்பில் 7/4 கணக்கை முழுசாக நடத்தினார். நாலாவது புள்ளியை ஏன் சேர்க்க வேண்டும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினார். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கேட்டேன். இருபத்தைந்து நிமிஷம் என்றாள் அந்தப் பெண். இருபத்தைந்து நிமிஷத்தில் முடிகிற பாடத்துக்குத்தான் ஒரு குழந்தை "மூளை இல்லாதவள்" ஆகியிருந்தாள்!

பெற்றோர் ஆறு பேர் சேர்ந்து நிர்வாகத்தைப் பார்த்தார்கள். வாத்தியார்மேல் புகார் சொல்ல அல்ல. "பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவருக்கு 14,000 ரூபாய் கொடுத்தால், மீதியை எங்களிடம்தானே வசூல் செய்வார்? வருஷா வருஷம் நீங்கள் கட்டணம் வாங்குகிறீர்களே, அது எங்கே போகிறது?" என்று கேட்டார்கள். நிர்வாகம் 3,000 ரூபாய் கூட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. மே மாதச் சம்பளமும் உண்டு என்றது. 18,600-க்கு அது ஈடு அல்ல என்பது எனக்குத் தெரியும். வாத்தியாருக்கும் தெரியும். அடுத்த ஜூன் முதல் தம் வகுப்புப் பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை, வெளிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுக்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். செய்வாரா? ஜூன் வந்தால் தெரியும். நோட்டுகளை நான் மறுபடியும் பார்ப்பேன் என்பது அவருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகும், சம்பளம் இல்லாமல், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சிறப்பு வகுப்பு நடத்தும் எத்தனையோ அரசுப் பள்ளி ஆசிரியர்களை நான் அறிவேன். சிலர் தங்கள் காசில் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுப்பார்கள். அவர்களும் குடும்பஸ்தர்கள்தான். ஆகையால், "காலம் கெட்டுவிட்டது" என்று பெருமூச்சு விட்டு எல்லோரையும் ஒரே தராசில் போட வேண்டாம்.

ஆனால் பதுக்குகிற வாத்தியாரிடம் ஒரு வார்த்தை. ஐயா, உங்களுக்குச் சம்பளம் போதவில்லை என்றால் நிர்வாகத்தோடு சண்டை போடுங்கள். நாங்களும் வந்து நிற்கிறோம். குறையைத் தீர்க்க வேண்டியவர் நிர்வாகி. நீங்கள் வசூல் செய்வதோ தையல்காரரிடம். கொடுக்க முடிந்த 31 பேர் கொடுத்துவிட்டார்கள். கொடுக்க முடியாத 17 பேர் தினமும் காலையில் உங்களுக்கு "வணக்கம் ஐயா" சொல்லிவிட்டு, வெள்ளை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நிரப்ப உங்களுக்கு ஆகும் செலவு ஒரு துண்டுச் சாக்பீஸும் இருபத்தைந்து நிமிஷமும்தான்.